படிப்பு, வகுப்பு, போன்: நேரக் கட்டம் போடுவது பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அட்டவணை போட்டால் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுகிறேன். நேரக் கட்டம் மட்டும் எப்படி நிலைக்கும்?

கைவிடப்பட்ட அட்டவணைகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் "மாலை 5 முதல் 9 வரை படிப்பு" என்று ஒரே வரிதான் இருக்கும். அது ஆசையைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு உட்கார்ந்த பிறகு எந்தப் பாடம், எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனையின் நடுவில்தான் கை போனுக்குப் போகிறது.

கட்டம் என்றால் தொடங்கும் நேரம், முடியும் நேரம், நடுவில் ஒரே ஒரு வேலை. "5.00–5.50: வேதியியல், மோல் கணக்குகள் 1 முதல் 8 வரை" என்று எழுதினால் அது கட்டம். 5.50க்கு யாராவது "முடிந்ததா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிய வேண்டும். "வேதியியல் படித்தல்" என்று எழுதியிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொரு வேறுபாடு, என் கணக்கில் இதுதான் பெரியது: போனுக்கும் இங்கே கட்டம் உண்டு. வழக்கமான அட்டவணையில் போன் என்ற சொல்லே இருக்காது, மாணவர் அதைத் தொடவே மாட்டார் என்பது போல. அட்டவணையில் இடம் கிடைக்காத போன் எல்லாப் பாடத்தின் இடத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கிருந்து தொடங்குவது? தாளை எடுத்தால் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

படிப்பை முதலில் எழுதாதீர்கள். உங்கள் விருப்பத்துக்கு நகர்த்த முடியாதவற்றை எழுதுங்கள்: வகுப்பு, போய்வரும் நேரம், சாப்பாடு, தூக்கம், தனிப்பயிற்சி வகுப்பு இருந்தால் அது. போய்வரும் நேரத்தை வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிடுங்கள். பஸ் ஓடும் நேரம் 25 நிமிடம்தான் என்றாலும், காத்திருப்பதும் நடப்பதும் சேர்ந்து 45 ஆகலாம்.

தூக்கத்தை மிச்சமிருப்பதில் போட்டுக்கொள்ளலாம் என்று விடுவது வழக்கமான தவறு. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. ஆகவே எழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, விளக்கணைக்கும் நேரத்தை முதலிலேயே கோடு போட்டுவிடுங்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு தாளில் மிஞ்சும் வெள்ளை இடம்தான் உங்களுடையது. நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும். அந்த அதிர்ச்சி ஒரு முறை வந்துவிடுவது நல்லது. பிறகு யாரும் ஒரே மாலையில் ஆறு பாடங்களை எழுதிவைக்க மாட்டார்கள்.

ஒரு கட்டம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? 25 நிமிடம்தான் சரி என்கிறார்களே?

25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்பது பொமொடோரோ முறை. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில், தான் கல்லூரியில் படித்த காலத்தில், தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்து உருவாக்கியது. உட்காரவே மனமில்லாத நாளில் அது நன்றாக உதவும். ஆனால் ஒரு நீண்ட கணக்கின் பாதியில் மணி அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். கணக்குப் போடுவதற்கும் கட்டுரை எழுதுவதற்கும் 40 முதல் 50 நிமிடம், மனப்பாடத்துக்கும் சொற்பட்டியலுக்கும் 20 முதல் 25 நிமிடம் என்று தொடங்கிப் பாருங்கள்.

நீளத்தைவிட முக்கியமானது, அதற்குள் எவ்வளவு வேலை வைக்கிறீர்கள் என்பது. நம் எல்லோருக்கும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம் உண்டு. ரோஜர் பியூலர் உள்ளிட்ட மூவர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. இதில் வேடிக்கை என்னவென்றால், "எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும்?" என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்ன பதில்கூட 49 நாள்தான்.

ஆகவே முதல் வாரம் ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். ஒரு கணக்குக்கு எத்தனை நிமிடம், ஒரு பக்கம் படிக்க எத்தனை நிமிடம் என்று நோட்டின் ஓரத்தில் குறித்துவையுங்கள். அடுத்த வாரக் கட்டங்கள் அந்த எண்ணிலிருந்து வரட்டும்.

ஒரு முழு மாலையைக் கட்டம் போட்டுக் காட்டுங்களேன்.

மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். 4.15க்கு வீடு திரும்புகிறாள். காலை 6 மணிக்கு எழ வேண்டும் என்பதால் இரவு 10க்கு விளக்கணைக்கிறாள். அவள் மாலை இப்படி இருக்கும்:

4.15–5.00 முகம் கழுவுதல், சாப்பிட ஏதாவது, வெறுமனே இருத்தல்
5.00–5.50 வேதியியல், மோல் கணக்குகள் 8
5.50–6.00 எழுந்து நடத்தல், தண்ணீர்
6.00–6.40 கணித வீட்டுப்பாடம்
6.40–7.05 காலிக் கட்டம்
7.05–7.30 போன்
7.30–8.15 இரவுச் சாப்பாடு
8.15–9.00 வரலாறு: ஒரு பாடம் படித்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தல்
9.00–9.10 நாளைய கட்டங்களை எழுதுதல்
9.10–9.30 போன்
9.30–10.00 பை அடுக்குதல், படுக்கை

படிப்பு 2 மணி 15 நிமிடம், போன் 45 நிமிடம், காலி 25 நிமிடம். "இவ்வளவுதானா படிப்பு?" என்று தோன்றலாம். ஐந்திலிருந்து ஒன்பது வரை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பலரும் உண்மையில் படிக்கும் நேரம் இதைவிடக் குறைவு.

இது நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வேதியியலில் 50 நிமிடத்தில் ஆறு கணக்குதான் முடிந்தது. 5.50க்கு அவள் நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். மீதி இரண்டைப் போட்டுவிட்டு எழலாம் என்று நீட்டவில்லை. கணிதம் பத்து நிமிடம் இழுத்து 6.50க்கு முடிந்தது. காலிக் கட்டத்தில் இன்னும் 15 நிமிடம் இருந்தது. ஒரு கணக்குக்கு ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆகிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும் என்பதால், ஒன்றுதான் அதற்குள் அடங்கும் என்று அதை மட்டும் போட்டாள், மற்றதை மறுநாள் தாளுக்கு விட்டாள். 7.05க்குப் போன் தன் நேரத்தில் வந்தது. மறுநாள் தாளில் "மோல் கணக்குகள் 6" என்று எழுதினாள்.

காலிக் கட்டம் இல்லாதிருந்தால் வேதியியல் கணிதத்தைத் தள்ளியிருக்கும், கணிதம் சாப்பாட்டைத் தள்ளியிருக்கும், வரலாறு பத்து மணிக்குப் போயிருக்கும். அட்டவணைகள் மூன்றாம் நாள் சாகிற விதம் இதுதான். தினமும் 20 முதல் 30 நிமிடத்தைப் பெயரில்லாமல் விட்டுவைப்பது சோம்பல் அல்ல.

வரலாற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்ததால்தான் "எழுதிப் பார்த்தல்" சேர்ந்திருக்கிறது. வயிறு நிறைந்த பிறகு வெறும் வாசிப்பு கண்ணைச் சொருகவைக்கும். கை எழுதிக்கொண்டிருந்தால் தூக்கம் அவ்வளவு எளிதில் வராது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள் என்று ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டியதும் இதற்குத் துணை.

போன் இடைவேளையை எந்த இடத்தில் வைப்பது?

அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று பார்த்து வையுங்கள். நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நடந்தே தீரும் ஒன்று அடுத்து இருக்க வேண்டும்: எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நேரம், தனிப்பயிற்சிக்குக் கிளம்பும் நேரம், நண்பருடன் விளையாடப் போகும் நேரம். மேலே உள்ள மாலையில் 7.30க்குச் சாப்பிட அழைப்பு வரும். இடைவேளையை முடித்துவைப்பது மன உறுதி அல்ல, அந்த அழைப்புதான். அதனால்தான் காலிக் கட்டம் போனுக்கு முன்னால் நிற்கிறது. பின்னால் நின்றால் போன் அதையும் தின்றுவிடும்.

மிக மோசமான இடம் கடினமான பாடத்துக்குச் சற்று முன்பு. வேதியியல் காத்திருக்கிறது என்று தெரிந்தவருக்குப் போனை வைக்க எந்தக் காரணமும் இல்லை, வைக்காதிருக்க எல்லாக் காரணமும் உண்டு. வீட்டுக்கு வந்த உடனே எடுக்கும் "ஐந்து நிமிடம்" பெரும்பாலும் இந்த வகைதான். களைப்பாக இருக்கிறதென்றால் பாட்டுக் கேளுங்கள், கண்ணை மூடிப் படுங்கள். திரையை மட்டும் தொடாதீர்கள்.

இரவு 9.10க்கு வைத்த இரண்டாவது இடைவேளைதான் இந்த மாலையின் ஓட்டை. அதை முடித்துவைக்க வெளியிலிருந்து எதுவும் வராது. ஆகவே 9.30க்குப் போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போக வேண்டும் என்று வீட்டில் பேசிவைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுப்பப் போன் வேண்டும் என்றால், ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் அந்தச் சாக்கைத் தீர்த்துவிடும்.

இரண்டு பாடங்களுக்கு நடுவே இருக்கும் பத்து நிமிடத்தில் போன் பார்த்தால் என்ன? அதுவும் ஓய்வுதானே?

உடலுக்கு ஓய்வுதான். மனத்துக்கு அது மூன்றாவது பாடம். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. அவர் பார்த்தது அலுவலக வேலை போன்ற பணிகளை. ஆனால் வகுப்புக் குழுவில் பாதியில் நிற்கும் ஒரு வாக்குவாதத்தைவிட அரைகுறையான வேலை எது? கணித நோட்டைத் திறந்தபின்னும் "அவன் என்ன பதில் போட்டிருப்பான்" என்பது ஓடிக்கொண்டே இருக்கும்.

பத்து நிமிடத்துக்கு எழுந்து நடங்கள், முகம் கழுவுங்கள், ஜன்னல் வழியே பாருங்கள். சலிப்பாக இருக்கிறதா? நல்லது. சலிப்பான இடைவேளையிலிருந்து பாடத்துக்குத் திரும்புவது எளிது.

பாடமே போனில்தான் இருக்கிறது. வீடியோ வகுப்பு, குழுவில் வரும் நோட்ஸ், எல்லாம். போனைத் தள்ளிவைப்பது எப்படி?

தேடி எடுக்கும் வேலையையும் படிக்கும் வேலையையும் பிரியுங்கள். கட்டம் தொடங்குவதற்கு முன்பே ஐந்து நிமிடத்தில் வேண்டிய பக்கங்களையும் வீடியோவையும் இறக்கிவைத்துவிட்டு, இணையத்தை அணைத்துவிடுங்கள். வீட்டுப்பாடக் கேள்விகள் எட்டுதான் என்றால் கையால் தாளில் எழுதிக்கொண்டு போனை அடுத்த அறையில் வைத்துவிடலாம். எழுதும்போதே கேள்வியை ஒரு முறை படித்ததாகவும் ஆகிறது.

நடுவில் சந்தேகம் வந்தால் உடனே குழுவில் கேட்காதீர்கள். பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கட்டும். "4ஆம் கணக்கில் விடை ஏன் 0.5?" என்று அதில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள். 7.05க்குப் போன் கட்டம் வரும்போது எல்லாக் கேள்விகளையும் மொத்தமாகக் கேட்டுவிடலாம். அதற்குள் பாதிக் கேள்விகளுக்கு உங்களுக்கே விடை தெரிந்திருக்கும்.

டைமர் அடிக்கிறது. அணைத்துவிட்டு மறுபடி பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என்ன செய்வது?

டைமர் அதே போனில் இருக்கிறதா? அதுதான் முதல் கோளாறு. வீடியோவைத் தள்ளும் அதே விரல் அலாரத்தையும் தள்ளிவிடுகிறது. மணி அறையின் மறுமூலையில் அடிக்கட்டும், அணைக்க எழுந்து போக வேண்டும்.

இரண்டாவது, பார்க்கும் பொருளுக்கு முடிவு இருக்கிறதா என்பது. முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே போகும் திரையை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ரஸ்கின். அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். பக்கத்தின் அடியில் "அடுத்த பக்கம்" என்று ஒரு பொத்தான் இருந்த காலத்தில், அது வரும்போது "போதுமா?" என்று ஒரு கணம் தோன்றும். இப்போது அந்தக் கணம் வருவதே இல்லை. குறும்வீடியோக்களில் நிற்க முடியவில்லை என்றால் அது உங்கள் குணக்கேடு அல்ல, அங்கே நிற்க இடமே கட்டப்படவில்லை.

அதனால் போன் கட்டத்துக்குள்ளும் ஒரு வரிசை வையுங்கள். 25 நிமிடம் என்றால் முதலில் முடிவுள்ளவை: வந்த செய்திகளுக்குப் பதில், துண்டுச்சீட்டுக் கேள்விகள், பாதியில் விட்ட ஒரு வீடியோ. குறும்வீடியோக்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும். முதலில் அவற்றைத் திறந்தால், மணி அடிக்கும்போது இன்னும் யாருக்கும் பதில் போட்டிருக்க மாட்டீர்கள். அந்தப் பதில்களே இடைவேளையை நீட்டக் காரணமாகும்.

ஐபோனில் `Screen Time`, ஆண்ட்ராய்டில் `Digital Wellbeing` வழியாகச் செயலிகளுக்குத் தினசரி நேர எல்லை வைக்கலாம். நினைவூட்டலாக அவை பயன்படும். ஆனால் பூட்டைப் போட்டவர் கையிலேயே சாவியும் இருப்பதால் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் காலியாகக் கிடக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது?

காகிதத்தில் 60 நிமிடம். அறையிலிருந்து வெளிவந்து, இடம் தேடி, மறுபடி அடுத்த வகுப்புக்குப் போவதற்குள் 35 நிமிடம்தான் தேறும். அதில் கடினமான பாடத்தை வைக்காதீர்கள். சற்றுமுன் முடிந்த வகுப்பின் குறிப்புகளைச் செப்பனிடுவதற்கு அது ஏற்ற நேரம்: விட்டுப்போன வரியை நிரப்புவது, புரியாத இடத்தில் கேள்விக்குறி போடுவது. இரவில் இதே வேலைக்கு இரு மடங்கு நேரம் ஆகும், ஏனென்றால் ஆசிரியர் வாயால் சொன்னது அதற்குள் பாதி மறந்திருக்கும். மீதமுள்ள பதினைந்து நிமிடத்தைப் போனுக்குத் தரலாம். அடுத்த வகுப்பின் மணியே அதை முடித்துவைக்கும்.

ஒரு கட்டம் முழுவதுமே தவறிவிட்டால்?

விருந்தினர் வந்தார்கள், தலைவலி, மின்சாரம் போனது: நடக்கும். கடிகாரம் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதில் நுழையுங்கள். 5 மணிக் கட்டத்தைத் தவறவிட்டு 6.10க்குத் திரும்பினால், கணிதத்தில் மீதமுள்ள 30 நிமிடம் உங்களுடையது. வேதியியலைப் பிடித்து இழுத்து எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தள்ளினால், தூக்கம்தான் விலை கொடுக்கும். தவறியதில் நாளைக்கே கொடுக்க வேண்டியது எது என்று மட்டும் பார்த்து, அதைக் காலிக் கட்டத்தில் வையுங்கள். மற்றவை நாளைய தாளுக்கு.

ஒரே கட்டம் ஒரு வாரத்தில் மூன்று முறை தவறினால் அது தற்செயல் அல்ல. அந்த நேரத்தில் வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறதா, பசிக்கிறதா, அந்தப் பாடத்தில் எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லையா என்று பாருங்கள். கடைசிக் காரணம் என்றால் நேரத்தை மாற்றிப் பயனில்லை. ஆசிரியரிடம் போக வேண்டும்.

ஆப்பில் போடுவதா, தாளில் போடுவதா?

தாள். அட்டவணையைப் பார்க்கப் போனைத் திறப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கே தெரியும். வாரம் தோறும் மாறாத வகுப்பு நேரங்களை மட்டும் ஆப்பில் வைத்துக்கொள்ளலாம்.

என் மகனுக்கு நானே கட்டம் போட்டுக் கொடுக்கலாமா?

நகராத நேரங்களைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். பாடக் கட்டங்களை அவன் எழுதட்டும். எந்தக் கணக்கு எவ்வளவு நேரம் இழுக்கும் என்பது அவனுக்குத்தான் தெரியும். உங்கள் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது: சாப்பாடு 7.30 என்றால் 7.30க்கே அழைப்பது, படிப்புக் கட்டத்தின் நடுவில் கடைக்கு அனுப்பாதிருப்பது. கூடவே போன் கட்டத்தில் அவன் போன் பார்ப்பதைக் கண்டு "எப்போது பார்த்தாலும் போன்" என்று சொல்லாதிருங்கள். எழுதிய நேரத்தில் பார்த்தாலும் திட்டு, திருட்டுத்தனமாகப் பார்த்தாலும் திட்டு என்றால் எழுதுவதை நிறுத்திவிடுவான்.

இது எனக்கு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

இரண்டு வாரத்துக்கு, ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் உண்மையில் முடிந்த நேரத்தை எழுதுங்கள். படிப்புக் கட்டங்களில் எழுதிய நேரத்துக்கும் முடிந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் உங்கள் கணிப்பு தேறுகிறது என்று பொருள்.

போன் கட்டத்தில் பொய் எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். 7.30க்கு முடிய வேண்டியது தினமும் 7.50க்கு முடிகிறது என்றால், முதலில் அதன் இடத்தை மாற்றிப் பாருங்கள். அப்படியும் நீண்டால், 45 நிமிடம் என்றே தாளில் எழுதிவிட்டு, அந்த 20 நிமிடம் எந்தக் கட்டத்திலிருந்து வர வேண்டும் என்று நீங்களே பேனாவால் அடித்துக் காட்டுங்கள்.